டெல்டா அரிசி ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே,

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலையில் தலைமைக் கணக்காளராக இருக்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஆறு மாதம் விடுப்பில் இருந்த எங்கள் கணக்கர் அம்மா வேலைக்குத் திரும்பியபோது, அவருக்கான வார அட்டவணையை நானும் அவரும் சேர்ந்து போட்டோம். நீண்ட விடுப்பு முடிந்து வருபவரை முதல் நாளே எட்டு மணி நேரம் உட்கார வைக்கும் வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் முழு வாரம் 48 மணி நேரம். அவருக்கு முதல் இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும், காலை பத்து முதல் இரண்டு வரை. ஆக வாரத்துக்கு 12 மணி நேரம். பத்து மணி என்று வைத்தது, காலை நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வரக் கூடாது என்பதற்காக. அந்தக் களைப்பும் உடம்பின் கணக்கில் சேரும். அடுத்த இரண்டு வாரம் அதே மூன்று நாள், ஆறு மணி நேரம். பிறகு நேரத்தைத் தொடாமல் நாளை மட்டும் கூட்டினோம்: நான்கு, ஐந்து, ஆறு நாள். அதன் பின் ஏழு மணி, கடைசியில் எட்டு மணி. ஒவ்வொரு படியும் இரண்டு வாரம், ஒவ்வொன்றிலும் கூடுவது ஆறு மணி நேரம். அட்டவணைப்படி பதின்மூன்றாம் வாரத்தில் 48 மணி. நாளையும் நேரத்தையும் ஒரே படியில் கூட்டினால், தளர்ச்சி எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

மாலையில் சோர்வு வருவது இயல்பு. இரவு தூங்கி எழுந்தும் அது தீராமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு காலை அப்படி இருந்தால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் நிற்பது, மேலும் மோசமானால் ஒரு படி இறங்கி மருத்துவரைப் பார்ப்பது என்று முன்னமே எழுதி வைத்தோம். ஐந்து நாள் படியில் அவர் அப்படி நிற்க நேர்ந்தது. எழுத்தில் இருந்ததால் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

பல இடங்களில் கெடுவது இங்கேதான்: நேரத்தைப் பாதியாக்கிவிட்டு வேலையை முழுதாகவே விடுவார்கள். மீதி, தொலைபேசி வழியாக வீட்டுக்குப் போகும். நாங்கள் கொள்முதல் பதிவேட்டை மட்டும் அவரிடம் கொடுத்து, எடைமேடையையும் லாரிக்காரர்களோடு பேசுவதையும் வேறொருவரிடம் விட்டோம். உமித்தூசி படும் பக்கம் அவரை அனுப்பவில்லை.

தொடங்கும் தேதியையும் பாருங்கள். முழு நேரப் படி தை, மாசிச் சம்பா அறுவடை நெருக்கடியில் வந்து விழுந்தால், நெல் வரத்து குறையும்வரை 36 மணியிலேயே நிறுத்துங்கள், மிகைநேரம் கேட்காதீர்கள்.

குறைந்த நேரத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்பதை, அவர் வருவதற்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். அது தெரியாதவர், முடியாவிட்டாலும் முடியும் என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
ஓர் ஆலைக் கணக்காளர்