வேர்சிகிச்சை பயிலும் மாணவர்களுக்கு: கால்வாயின் நீளத்தை இரண்டாம் முறையும் அளவிடுங்கள்

அன்புள்ள பயிற்சி மருத்துவர்களே,

அபெக்ஸ் லொக்கேட்டரைத் தொடக்கத்தில் ஒருமுறை வைத்து, கிடைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைசி ரோட்டரி ஃபைல் வரை அதையே நம்புவது பலரின் வழக்கம். வளைந்த வேரில் இது காலை வாரிவிடும்.

கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் மீசியோபக்கல் கால்வாயை எடுத்துக்கொள்வோம். 10ஆம் எண் கே ஃபைலை இறக்கினால் 21 மி.மீ.யில் திரை 0.0 காட்டுகிறது, அதாவது முனை வேர்நுனித் துளையை எட்டிவிட்டது. அரை மி.மீ. கழித்து 20.5 என்று வைக்கிறீர்கள். பிறகு கால்வாயின் வாய்ப்பகுதியை ரோட்டரியால் அகலப்படுத்துகிறீர்கள். மேலே முட்டிக்கொண்டிருந்த டென்டின் போனதும் ஃபைல் நேரான வழியில் இறங்குகிறது. பாதையின் நீளம் குறைந்துவிட்டதால் இப்போது 0.0 வருவது 20.5லேயே. பழைய அளவை நம்பினால், 25ஆம் எண் ரோட்டரி முனை துளையின் விளிம்பிலேயே சுழலும். கை சற்று அழுத்தினால் வெளியே போய்விடும். வேர்நுனியின் இயல்பான குறுக்கம் கிழிந்த பின் பேஸ்ட்டையும் கட்டாபெர்ச்சாவையும் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இருக்காது. உலர்த்தும்போது பேப்பர் பாயின்டின் நுனியில் மட்டும் ரத்தம் படிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஆகவே மேற்பகுதியை அகலப்படுத்தி, கழுவி, மறுபடி அளவிடுங்கள். இந்தப் பல்லில் புதிய வேலை நீளம் 20 மி.மீ. அதன் பிறகுதான் 15ஆம் எண் கை ஃபைல் அந்த நீளத்துக்குத் தடையின்றிப் போய்வரும்படி வழி செய்து, ரோட்டரியை இறக்க வேண்டும். வழி குறுகலாக இருந்தால் ரோட்டரியின் முனை சிக்கி நிற்கும், தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். பள்ளங்கள் பிரிந்து நீண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த ஃபைலைத் தூக்கி எறியுங்கள். வளைவில் சுழன்று சுழன்று களைத்த ஃபைலோ எந்த அடையாளமும் காட்டாமலே முறியும். பழுதில்லை என்று பார்வையால் சொல்ல முடியாது.

இரண்டாம் அளவு குறைந்தாலே வளைவுதான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். கீழே சொல்லும் அளவுப் பிழைகள் இல்லாமல் ஃபைல் குறைந்த நீளத்தில் 0.0ஐத் தொட்டால் பாதையின் நீளம் உண்மையாகவே குறைந்திருக்கிறது. 0.0 வராமலே வழியில் நின்றுவிட்டால் டென்டின் தூள் அடைத்திருக்கிறது. அங்கே ரோட்டரியைக் கொண்டு முட்டக் கூடாது. ஹைப்போகுளோரைட்டால் கழுவி, நுனியைச் சற்று வளைத்த 10ஆம் எண் ஃபைலால் மெல்லத் துழாவி வழியைத் திறக்க வேண்டும்.

அளக்கும்போது பல்லறையைப் பஞ்சால் ஒற்றியெடுங்கள். கால்வாய்க்குள் மட்டும் ஈரம் இருக்கட்டும். அறையில் திரவம் தேங்கினாலோ ஃபைல் உலோக கிரௌனைத் தொட்டாலோ மின்னோட்டம் குறுக்குவழி பிடித்து, ஃபைல் பாதி வழியில் இருக்கும்போதே திரை 0.0க்குத் தாவும். அகன்ற கால்வாயில் மெல்லிய ஃபைலுக்கு எண் ஆடும்; பொருந்தும் பருமனுக்கு மாறுங்கள்.

திரையில் வரும் 0.5, மில்லிமீட்டர் அல்ல. 0.0 வரை போய், ரப்பர் ஸ்டாப்பரைப் பல்லின் கூர்முனையில் பதித்து, எடுத்து அளவுகோலில் வைத்து, அதிலிருந்து அரை மி.மீ. கழியுங்கள்.

இப்படிக்கு,
வேர்சிகிச்சை கற்பிக்கும் சிலர்