ஒன்றரைப் பக்கத்தை ஆறு வரியாக்கியது

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

புது வேலைக்காக நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்றரைப் பக்கப் பதிலை செக்காலை ரோட்டுக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். போனில் படித்தால் எனக்கு எதுவும் தலையில் ஏறாது. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பென்சிலோடு மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை முடிந்தபோது தாளில் அடிக்காமல் மிஞ்சியது நாலு வரிதான். கோபப்படாதே. ஏன் அடித்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் புதுக் கம்பெனிக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று பார். "முந்தைய நிறுவனத்தில் உங்கள் பணி முடிந்த காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." ஒரே கேள்வி. நீயோ முதல் பத்தி முழுக்க அங்கே எத்தனை மணி நேரம் உழைத்தாய், கிடங்கை எப்படி ஒழுங்கு பண்ணினாய் என்று எழுதியிருக்கிறாய். பணிநீக்கம் என்ற சொல் பதினாலாவது வரியில்தான் வருகிறது. படிக்கிறவர் அதற்குள், "என்னமோ பெரிசாக இருக்கிறது, சுற்றி வளைக்கிறான்" என்று நினைத்திருப்பார்.

மில்லில் 27 வருஷம் எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்‌ஷனில் உட்கார்ந்து இந்த மாதிரி பதில்களைப் படித்துக் கோப்பில் போட்டவன் நான். ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு பேர் நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர் வேலைக்கு வந்தார்கள். ஒருத்தர் "சொந்தக் காரணத்தால் விலகினேன்" என்று எழுதியிருந்தார். பழைய மில்லுக்குப் போன் போட்டால், சொல்லாமல் பதினெட்டு நாள் வரவில்லை, நீக்கினோம் என்றார்கள். பதினெட்டு நாள் வராததை எங்கள் மேனேஜர் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்றுகூடச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரிப் பொய்க்காக ஆளைத் திருப்பி அனுப்பினார். இன்னொருத்தர், "மூணாவது ஷிப்டில் ரிங் ஃபிரேம் பக்கத்தில் தூங்கினேன், இரண்டாவது தடவை பிடித்தபோது நீக்கிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பகல் ஷிப்ட் கொடுத்து எடுத்துக்கொண்டோம். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். நிஜத்தை எழுதி வேலை கிடைக்காமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் போன் வேலையை வெளி ஏஜென்சிகள் செய்கின்றன. உன் பழைய ஹெச்.ஆருக்கு ஒரு படிவம் போகும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவி, போன காரணம், மறுபடி எடுத்துக்கொள்வீர்களா என்று அதில் இருக்கும். சில கம்பெனிகள் தேதியும் பதவியும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும், சில எல்லாவற்றையும் நிரப்பும். உன் பழைய இடம் எந்த ரகம் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சொல்வார்கள் என்றே வைத்துக்கொண்டு எழுது.

தேதியில் ஒரு தப்பு செய்திருக்கிறாய். 2025 ஆகஸ்ட் 31 வரை வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறாய், ஏனென்றால் கடைசியாக முழுச் சம்பளம் வாங்கியது அந்த மாதம். ஆனால் பணிநீக்க ஆணையில் இருப்பது செப்டம்பர் 12. பி.எஃப். தளத்தில் View என்பதற்குள் Service History என்று இருக்கும். அதில் வேலையை விட்ட தேதியைப் பார். அதுவும் ஆணையும் உன் பதிலும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். பி.எஃப். பதிவைப் பார்த்து உன்னைப் பணிநீக்கம் செய்தார்களா என்று ஒருத்தரும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் பன்னிரண்டு நாள் வித்தியாசம் உடனே கண்ணில் படும். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஒளித்ததுபோல் ஆகிவிடும். அங்கே இருக்கும் தேதி ஆணையோடு ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் சொல், அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

அப்புறம் இரண்டாவது பத்தி. "பணிச்சுமை காரணமாகச் சில அடுக்குகளின் எண்ணிக்கை விடுபட்டுப்போய், கையெழுத்து இடப்பட்டுவிட்டது." தம்பி, இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. எண்ணிக்கை தானாக விடுபட்டது, கையெழுத்து தானாக விழுந்தது. யார் போட்டது? நீ. நம் பாஷையில் "ஆகிவிட்டது", "நடந்துவிட்டது" என்று எழுதி நழுவுவது ரொம்பச் சுலபம். மில்லில் வரும் விளக்கக் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும், இயந்திரம் தானாக நின்றிருக்கும். "எண்ணவில்லை, கையெழுத்துப் போட்டேன்" என்று எழுது. அதுதான் அளவில் சிறியதும்.

மூன்றாவது பத்தியை முழுசாக அடித்திருக்கிறேன். மேனேஜர் ஆறு மணிக்குள் முடிக்கச் சொன்னார், இரண்டு பேர் லீவு, எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்குத் தெரியும், அது உண்மை. ஆனால் புது இடத்து ஆளால் அதைச் சரிபார்க்க முடியாது. பழைய மேனேஜர் பக்கத்துக் கதையும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் நீ நாளை இவர்களைப் பற்றியும் இப்படி எழுதுவாய் என்பதுதான். நேர்முகத்தில் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: "அன்று ஆள் குறைவு, அவசரம். அப்போதும் எண்ணவில்லை என்று எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை." எழுத்தில் வேண்டாம்.

எனக்கு ரொம்ப உறுத்தியது கடைசிப் பத்திதான். "நான் எந்தப் பொருளையும் எடுக்கவில்லை, என்மேல் திருட்டுப் புகார் எதுவும் இல்லை." உன் மனசில் அதுதான் நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது என்று புரிகிறது. ஆனால் யாரும் உன்னைத் திருடன் என்று சொல்லவில்லையே? நீயே அந்தச் சொல்லைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைக்கிறாய். அவர் அதுவரை நினைத்தேயிருக்கமாட்டார், இனி அதை மட்டும்தான் நினைப்பார். பணிநீக்க ஆணையை நீ தீபாவளிக்கு வந்தபோது காட்டினாய், நானும் இரண்டு தடவை படித்தேன். சரக்கை நேரில் எண்ணாமல் இருப்புச் சான்றில் கையெழுத்திட்டது என்பதுதான் அதில் உள்ள ஒரே காரணம். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. ஆணை எதைச் சொல்கிறதோ அதற்குக் குறையாமலும் கூடாமலும் உன் பதில் நிற்கட்டும். செய்யாததை மறுக்கப் போகாதே, ஆணையில் இல்லாததை ஒப்புக்கொள்ளவும் போகாதே.

சொல் விஷயத்திலும் அப்படித்தான். "பரஸ்பர ஒப்புதலுடன் பிரிந்தோம்" என்று எழுதலாமா என்று போனில் கேட்டாய். ராஜினாமாவை வாங்கிக்கொண்டு விடுவித்திருந்தால் அப்படி எழுதலாம். ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்பு என்று எழுதலாம். உனக்கு நடந்தது பணிநீக்கம். லேபர் கோர்ட்டில் வழக்கு ஏதும் போட்டிருந்தால் "வழக்கு நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்து, வாதத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். நீ போடவில்லை, அந்தக் கவலை இல்லை.

சரி, இப்போது நான் எழுதியதைப் பார். இங்கிலீஷில் நீ மாற்றிக்கொள், ஆனால் மாற்றும்போது நீளமாக்கிவிடாதே.

"வணக்கம். 2025 செப்டம்பர் 12 அன்று முந்தைய நிறுவனம் என்னைப் பணிநீக்கம் செய்தது. காலாண்டு இருப்புக் கணக்கின்போது மூன்று அடுக்குகளை நேரில் எண்ணாமல், கணினியில் இருந்த எண்ணிக்கையையே எழுதி, எண்ணியதாகக் கையெழுத்திட்டேன். மறு எண்ணிக்கையில் அந்த அடுக்குகளில் 41 பெட்டிகள் குறைவாக இருந்தன. எண்ணாமல் கையெழுத்திட்டது என் தவறு. அக்டோபர் முதல் கோயம்புத்தூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். வாரந்தோறும் சரக்கை எண்ணி, உரிமையாளரும் நானும் கையெழுத்திடுகிறோம். பணிநீக்க ஆணையின் நகல் தேவையெனில் அனுப்புகிறேன்."

41 பெட்டியைப் போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், தாளில் அந்த இடம் கறுப்பாக இருக்கும். ஏஜென்சிக்காரர் கேட்டால் பழைய இடத்தில் அந்த எண்தான் முதலில் வாயில் வரும். புது இடத்துக்காரர் அதை முதன்முதலில் உன்னிடமிருந்து கேட்கட்டும். ரூபாய்க் கணக்கு வேண்டாம், பொருளின் பெயர் வேண்டாம், வாடிக்கையாளர் பெயரும் வேண்டாம். அதெல்லாம் பழைய கம்பெனியின் உள்விஷயம், அதை வெளியே சொல்கிறவனை எந்தக் கிடங்கிலும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

"இனி ஒருபோதும் இப்படி நடக்காது" என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதிலாகத்தான் கோயம்புத்தூர் வரியைப் போட்டேன். முன்னதை நம்பத்தான் முடியும், பின்னதைக் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. நீ ஏன் அங்கே வந்தாய் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இன்றைக்கே சொல்லிவிடு. வேறொருத்தர் போனில் கேட்டு அவர் திகைக்கக்கூடாது. வாரக் கணக்குத் தாளில் அவரும் உண்மையாகவே கையெழுத்துப் போடுகிறாரா? ஒரு வாரம் விடுபட்டிருந்தாலும் "வாரந்தோறும்" என்பதை எடுத்துவிட்டு உள்ளதை எழுது. எண்ணாததை எண்ணியதாக எழுதிய கதையை விளக்கும் தாளிலேயே அதே வேலையைச் செய்துவிடாதே.

அனுப்பியபின் ஒரு நகலை வைத்துக்கொள். நேரில் கேட்கும்போது இதே வரிகளைத்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள். அவர் பேசாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கு மேலே மேலே சொல்லத் தோன்றும், சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான். ஐயாவின் மூக்குப்பொடி டப்பாவைக் கிணற்றில் போட்ட அன்று, கேட்காத இரண்டு குற்றத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டவன் நீ.

ஆத்தா சீப்புச் சீடை சுட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். கோயம்புத்தூர் போகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு தேவகோட்டையில் கல்யாணம். போகிற இடமெல்லாம் அவள் "தம்பி லீவில் இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். அவளிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பச்சி