மண்ணுக்குள்ள பைப் போடுறது பத்தி கேட்டிருந்தியே

டேய் குமாரு,

உன் கடுதாசி மாதிரி நீளமான மெசேஜ் வந்துச்சு, பதில் போட லேட் ஆயிடுச்சுடா, இங்க குர்கான்ல ஏப்ரல் வந்தாலே ஏசி டிசைன் பண்றவனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பொண்ணு காலேஜ் சேர்ந்துட்டா, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவால்ல. நீ கடைசில திருச்சிலயே வீடு கட்டுறேன்னு சொன்னது தான் ரொம்ப சந்தோஷம்.

விஷயத்துக்கு வரேன். மண்ணுக்கு அடியில பைப் பதிச்சு வெளிக்காத்த அது வழியா இழுத்து குளிர வச்சு வீட்டுக்குள்ள விடலாம்னு கேட்டிருந்த, ஏசியே வேணாமான்னும் கேட்டிருந்த. இங்க பக்கத்துல குவால் பஹாரில டெரிங்கிற எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனத்தோட ரிட்ரீட்னு ஒரு கட்டிடம் இருக்கு, அதுல 70 செ.மீ. விட்டம், 70 மீட்டர் நீளத்துல நாலு டனல், 4 மீட்டர் ஆழத்துல. நீ பாத்த போட்டோ அனேகமா அதோடதாதான் இருக்கும். ஆனா அத அப்படியே திருச்சிக்கு தூக்கிட்டு வர முடியாதுடா, ஏன்னு சொல்றேன்.

மண்ணு தானா எதையும் குளிர வைக்காது. கொஞ்சம் ஆழத்துக்கு போனா அங்க இருக்குற சூடு அந்த ஊரோட வருஷ சராசரி சூடு, அவ்ளோதான். டெல்லில வருஷ சராசரி 25 டிகிரி பக்கம், ஜனவரில நடுங்குவோம், மே மாசம் வேகுவோம், ரெண்டுக்கும் நடுவுல மண்ணு 25, 26ல உக்காந்திருக்கும். திருச்சில குளிர்காலம்னு ஒண்ணு ஏது? சராசரியே 29 பக்கம். நீ 2 மீட்டர் தோண்டினாலும் 10 மீட்டர் தோண்டினாலும் சராசரி 29க்கு கீழ போகாது. இது தான் முழு கதைக்கும் தலையெழுத்து.

அப்ப எதுக்கு ஆழம்? மேல நடக்குற ஏத்த இறக்கம் கீழ வராம இருக்க. பகல் ராத்திரி மாத்தம் அரை மீட்டர் தாண்டுறதுக்குள்ள செத்துடும். சீசன் மாத்தம் தான் ஆழமா இறங்கும், ஓரளவு ஈரமான மண்ணுல ஒவ்வொரு 2.4 மீட்டருக்கும் மூணுல ஒரு பங்குக்கு சுருங்கிட்டே வரும். டெல்லில மாச சராசரி நடுப்புள்ளில இருந்து மேலயும் கீழயும் 10 டிகிரி ஆடும், 2 மீட்டர்ல அது இன்னும் 4 டிகிரிக்கு மேல இருக்கும், 4 மீட்டர்ல 2க்கு கீழ வந்துடும், அதனால அவங்களுக்கு 4 மீட்டர் நியாயம். திருச்சில ஆட்டமே 3.5 டிகிரி தான், 2 மீட்டர்லயே ஒன்றரை ஆயிடுது. அதோட மேல அடிக்கிற சூடு அந்த ஆழத்துக்கு வந்து சேர ஒன்றரை மாசம் ஆகும், அதனால தான் சித்திரைல கிணத்து தண்ணி சில்லுனும் மார்கழில வெதுவெதுப்பாவும் இருக்குற மாதிரி தெரியுது. உனக்கு 2.5 மீட்டர் போதும், அதுக்கு மேல ஜேசிபிக்கு குடுக்குற காசு வேஸ்ட்.

மண்ணு சூடு எவ்ளோன்னு கம்ப்யூட்டர்ல தேடாத. தோட்டத்து கிணத்துல வாளிய இறக்கி தண்ணிய மொண்ட உடனே தெர்மாமீட்டர் விட்டு பாரு. போர் தண்ணிய நம்பாத, 100 மீட்டர் ஆழம் போனா பூமியோட சூடே 2, 3 டிகிரி ஏத்திடும்.

இப்ப நீளம். உங்க வீட்டுக்கு மணிக்கு 250 கன மீட்டர் ஃப்ரெஷ் ஏர்னு வச்சுக்கலாம், எட்டு பேருக்கு தாராளம். 20 செ.மீ. பிவிசி பைப்புல அது செகண்டுக்கு 2.2 மீட்டர் வேகத்துல போகும். கணக்கு ஒரே வரி:

```
Tout = Tg + (Tin - Tg) * exp(-U*pi*D*L / (m*cp))
```

Tout பைப்ப விட்டு வெளிய வர்ற காத்தோட சூடு, Tg மண்ணு சூடு, Tin பைப்புக்குள்ள போற காத்தோட சூடு, D விட்டம், L நீளம். m*cp இந்த காத்துக்கு டிகிரிக்கு 78 வாட். U தான் சந்தேகத்துக்குரிய ஆளு, காத்துல இருந்து மண்ணுக்கு சூடு எவ்ளோ சுலபமா போகுதுன்னு சொல்றது, காத்து, பைப் சுவர், சுத்தி இருக்குற மண்ணு மூணோட தடையும் அதுல இருக்கு, ஈர மண்ணுக்கு 5ன்னு நான் போடுவேன். மே மாச மத்தியானம் வெளிய 40, மண்ணு 29.5. 20 மீட்டர் போட்டா 34.2ல வெளிய வரும், 40 மீட்டர்னா 31.6, 60 மீட்டர்னா 30.4. பாத்தியா, முதல் 20 மீட்டர் கிட்டத்தட்ட 6 டிகிரி குடுக்குது, கடைசி 20 ஒரு டிகிரி சில்லறை தான். 40 மீட்டரோட நிறுத்திக்கோ.

மண்ணு காஞ்சு போச்சுன்னா U 3க்கு விழும், அதே 40 மீட்டர்ல 33.5 தான் வரும். ரெண்டு டிகிரி போச்சு! அதனால ட்ரெஞ்ச மூடும்போது செங்கல் துண்டு, கட்டிட கழிவெல்லாம் போட விடாத, நடுவுல காத்து இடைவெளி நின்னா சூடு கடத்தாது, சலிச்ச மண்ண போட்டு தண்ணி விட்டு திமிசு அடிக்க சொல்லு, மேல வாழையோ கீரையோ வச்சு தண்ணி பாய்ச்சு, நிழலுக்கு நிழலும் ஆச்சு. காசு மிச்சம்னு மேஸ்திரி 4 இன்ச் பைப்ப நீட்டுவான், வாங்காத, விட்டம் பாதியானா ப்ரெஷர் லாஸ் 30 மடங்கு ஆகும், ஃபேன் கத்தியே செத்துடும்.

இதுல கிடைக்கிற குளிர்ச்சி 78ஐ 8.4ஆல பெருக்கு, 655 வாட். ஒரு டன் ஏசி 3500 வாட். அஞ்சுல ஒரு பங்கு கூட இல்லடா! 40 வாட் ஃபேனுக்கு அது நல்ல லாபம் தான், ஆனா ஏசிய தூக்கிப் போட முடியாது. ஈரப்பதமும் குறையாது, பைப் 29 டிகிரில இருக்கு, உங்க ஊர் காத்துல தண்ணி முத்து கட்ட 23, 24க்கு போகணும். காத்து குளிர்ந்ததால 38 சதவீதம் இருந்த ஈரப்பதம் 60 சதவீதமா காட்டும், அவ்ளோதான். இங்க டெல்லி பக்கம் ஆடி ஆவணில நேர் எதிர் பிரச்சனை, பைப்புக்குள்ளயே வேர்த்து பூசணம் பிடிக்கும், ரிட்ரீட்லயே மழை மாசத்துக்கு சில்லர் தனியா வச்சிருக்காங்க. உனக்கும் மழைத்தண்ணி கசிஞ்சு நிக்கலாம், நூறு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் சாய்வு வச்சு தாழ்வான முனைல ஒரு குழி விட்டுடு, எட்டிப் பாத்து தண்ணி எறைக்கிற மாதிரி. காத்து எடுக்குற வாய் செப்டிக் டேங்க் பக்கமே வரக்கூடாது, கொசுவலை கட்டாயம்.

வேலை செய்யுதான்னு எப்படி பாக்குறது? ரெண்டு முனைலயும் சின்ன தெர்மாமீட்டர் மாட்டு. வெளிக்காத்தோட சூடு பெருசா ஏறாமலே, பைப்புல இருந்து வர்ற காத்து காலைல 11 மணிய விட சாயங்காலம் 4 மணிக்கு சூடா இருந்துச்சுன்னா பைப்ப சுத்தி மண்ணு சூடாகி களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். விடியக்காலைல வெளிய 27, 28 வரும்ல, அப்ப ரெண்டு மூணு மணி நேரம் ஃபேன ஓட விட்டு மண்ண ஆத்தி விடு. மழைக்காலத்துல அடச்சே வை.

என் அபிப்பிராயம் கேட்டா, சம்ப்புக்கும் காம்பவுண்டுக்கும் ஜேசிபி வரப்போகுதுன்னா அதோட சேத்து இந்த ட்ரெஞ்சையும் போட்டுடு. இதுக்குன்னு தனியா ஒரு நாள் வண்டி வாடகைக்கு எடுக்குறதா இருந்தா வேணாம், அந்த காச மொட்டை மாடில வெள்ளை டைலுக்கும் மேற்கு சுவர் நிழலுக்கும் போடு.

கிணத்து தண்ணி அளவு எடுத்து அனுப்பு, ப்ளானையும் அனுப்பு, பைப் எந்த பக்கமா போகணும்னு கோடு போட்டுத் தரேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
ரவி