திரும்பி நிற்கும் அந்த ஒரு பல்

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நேற்றுவரை உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பெண் போல இருக்கிறது. இங்கே என் மகன் வேலைக்குச் சேர்ந்து வெளியூர் போய்விட்டான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கிளினிக் மட்டும் வழக்கம்போல ஓடுகிறது. நம் வயதுக்காரர்கள் பல்லைச் சீராக்கிக்கொள்ள வருவது இப்போது கூடியிருக்கிறது, அதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் பல் நேராக வேண்டும், கம்பி வெளியே தெரியக் கூடாது, அதனால் பல்வரிசை மேல் கழற்றி மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறையான அலைனர்தான் என்று நீயே முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைத்தான் நீ வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். என் கண்ணில் முதலில் பட்டது வேறு. கீழ்வரிசையில் வலப்பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப்பல் தன் இடத்திலேயே சுமார் 40 டிகிரி திரும்பி நிற்கிறது. அலைனரா கம்பியா என்பதை உன் வாயில் தீர்மானிக்கப்போவது அந்தப் பல்தான்.

முன்பற்கள் சுலபமான பகுதி. படத்தை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடம் குறைகிறது. பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் எனாமலை 0.2, 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லத் தேய்ப்போம், வலிக்காது. ஏழு இடங்களில் 0.3 என்றால் 2.1 மில்லிமீட்டர் கிடைத்துவிடும். மிச்சத்தைப் பல்வரிசையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் விரித்து எடுத்துக்கொள்ளலாம். இந்த அளவு நெரிசலை அலைனர் நன்றாகவே செய்யும். இதற்காக மட்டும் என்றால் கம்பி போடு என்று உன்னிடம் சொல்லவே மாட்டேன்.

அந்தத் திரும்பிய பல் கதை வேறு. அலைனர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போடும் பல உறைகள், அவற்றைத்தான் ட்ரே என்கிறோம். ஒவ்வொரு ட்ரேயும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும், அல்லது ஏறத்தாழ 2 டிகிரி திருப்பும். அப்படியானால் 40 டிகிரிக்கு 20 ட்ரே. பத்து நாளுக்கு ஒன்று மாற்றினாலும் 200 நாள். அதுவும் கணினியில் போடும் கணக்கு. சின்னக் கடைவாய்ப்பல் உருண்டையான பல், பிளாஸ்டிக்குக்குப் பிடித்துத் திருப்ப ஒரு மூலை கிடைக்காது. ஈரமான பாட்டில் மூடியை வழவழப்பான கையால் திருகுவது போல வழுக்கும். அதற்காகத்தான் பல்லின் மேல் பல் நிறத்திலேயே சின்ன மேடு ஒன்றை ஒட்டுவோம், அதற்கு அட்டாச்மென்ட் என்று பெயர். அது உதவும், ஆனாலும் திட்டத்தில் காட்டிய சுழற்சி முழுதாக வாயில் வருவது அபூர்வம். பாதி வழியில் திரும்ப ஸ்கேன் எடுத்து, கூடுதலாகச் சில ட்ரே செய்துகொள்வது சாதாரணமாக நடப்பது. யாராவது திரையில் பற்கள் அழகாக வரிசைக்கு வரும் படத்தை ஓட்டிக் காட்டினால், அது திட்டம் என்று மட்டும் எடுத்துக்கொள்.

கம்பியில் பிராக்கெட் என்ற சின்னப் பிடி பல்லோடு ஒட்டியிருக்கிறது, வயர் அதைப் பிடித்துத் திருப்புகிறது, வழுக்க இடமில்லை. பல்லைப் பிடுங்கிய பெரிய இடைவெளியை மூடுவது, வேரோடு சேர்த்துச் சாய்வை நிமிர்த்துவது, உள்ளே ஏறிய பல்லைக் கீழே இறக்குவது போன்ற வேலைகளிலும் அதன் கைதான் ஓங்கியிருக்கும்.

இப்போது உன் பழக்கத்தைப் பற்றி. அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல்லைச் சுற்றி நார்கள் எலும்போடு பிடித்திருக்கின்றன. அழுத்தம் பல மணி நேரம் விடாமல் இருந்தால்தான் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளரும். நீண்ட நேரம் கழற்றி வைத்தால் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். 22 மணி நேரம் போட்டால் மிஞ்சும் இரண்டு மணி நேரம் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் சரியாகப் போய்விடும். நீயோ வேலைக்கு நடுவே ஐந்தாறு முறை டீ குடிப்பவன். ஒவ்வொரு முறையும் கழற்றி, குடித்து, வாய் கொப்பளித்து, திரும்பப் போட இருபது நிமிடம் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் போயிற்று, 20 மணி நேரத்தின் விளிம்புக்கே வந்துவிடுவாய். போட்டுக்கொண்டே குடிக்கலாமே என்று நினைக்காதே. சூட்டில் ட்ரே வளையும், கறை பிடிக்கும், சர்க்கரை உள்ளே தேங்கி நிற்கும், எச்சில் போய்க் கழுவ முடியாததால் பல் சொத்தையாகும். டீயை இரண்டு முறையாக்க முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார்.

நேரம் குறைந்தால் வாயிலேயே தெரியும். கண்ணாடி முன் நின்று விளிம்பைப் பார். ட்ரேக்கும் பல்லின் நுனிக்கும் நடுவே காற்று நிற்பது போல ஓர் இடைவெளி தெரிந்தால் அந்தப் பல் பின்தங்கிவிட்டது என்று பொருள். உன் விஷயத்தில் அந்தச் சின்னக் கடைவாய்ப்பல்லில்தான் அது முதலில் வரும். அப்போது அடுத்த ட்ரேக்குத் தாவக் கூடாது. மென்மையான ரப்பர் துண்டைக் கடித்து ட்ரேயை நன்றாக உட்கார வைத்து, அதே ட்ரேயைச் சில நாள் கூடப் போட வேண்டும். அப்படியும் மூடவில்லை என்றால் டாக்டரிடம் போ.

என் யோசனை இது. வலப்பக்கக் கீழ்வரிசையில் மட்டும், கோரைப்பல்லிலிருந்து பின்னால் நாலைந்து பற்களுக்குப் பிராக்கெட் போட்டு அந்தப் பல்லை முதலில் திருப்பிவிடலாம். சில மாத வேலை, சிரிக்கும்போது பெரும்பாலும் தெரியாது. அப்புறம் மீதிக்கு அலைனர். ஆனால் கல்யாணத்துக்குள் முடியும் என்று நினைக்காதே, மொத்தம் ஒரு வருடமாவது ஆகும். கல்யாண நாளில் சில மணி நேரம் கழற்றி வைப்பதால் ஒன்றும் கெடாது, அதற்காக அவசரப்பட வேண்டாம்.

துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈறில் நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் இறங்கி, பல் ஆட ஆரம்பிக்கும். ஈறு ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தால், பற்கள் நேரானதும் அவற்றின் நடுவே சின்னக் கறுப்பு முக்கோணம் போல இடைவெளி தெரியலாம். அதை இப்போதே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. முடிந்த பிறகும் விடுதலை இல்லை. திருப்பிய பல் திரும்பிப் போகத் துடிக்கும். அதனால் முன்பற்களின் உள்பக்கம் ஒரு மெல்லிய கம்பியும், பல் நகராமல் பிடித்து வைக்க இரவில் போடும் ஒரு ரீடெய்னரும் வேண்டும். ரீடெய்னரைச் சில வருடங்களோடு நிறுத்திவிட முடியாது, பல்லை நேராக வைத்திருக்க நினைக்கும்வரை போட வேண்டும்.

ஈறைப் பரிசோதித்து எக்ஸ்ரே எடுத்த பிறகு அங்குள்ள டாக்டர்கள் தரும் திட்டத்தை எனக்கு அனுப்பு. அந்தப் பல்லுக்கு மட்டும் எத்தனை ட்ரே ஒதுக்கியிருக்கிறார்கள், கூடுதல் ட்ரே கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வை. பத்துப் பன்னிரண்டு ட்ரேயில் 40 டிகிரியை முடிப்பதாக எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்