தம்பி பந்தைக் கொண்டு வந்தான்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறி இறங்க முடிகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் வலி இல்லை. பேரன் படிக்கிறதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாய் அல்லவா, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவன் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் மனசு பழைய வேலைக்குப் போய்விட்டது.

எழுத்து அட்டையில் இருக்கிற 247 எழுத்தையும் சொல்கிறான், ஆனால் ஒரு வரியைப் படித்து முடித்தால் ஒன்றும் புரியவில்லை என்கிறான் என்று எழுதியிருந்தாய். பள்ளியில் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டார்களாம். வசந்தி, அவனிடம் கவனம் குறைவாக இல்லை. அந்த வரிக்கு அவன் பட்ட பாட்டைக் கேட்டாலே தெரியும்.

வரி இதுதான்: ‘தம்பி பந்தைக் கொண்டு வந்தான்.’ அவன் படித்தது: “த, இம், பி… ப, இந், தை, இக்… கெ, ர, இண், டு… வ, இந், தா, இன்.” யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று நீ கேட்டதும், “பந்து… தெரியல பாட்டி” என்றான்.

முதலில் ஒன்று செய்து பார். புத்தகத்தை மூடிவிட்டு, இதைவிட நீளமான இரண்டு மூன்று வரிகளை நீ வாசித்துக் காட்டி, அதே மாதிரிக் கேள்வி கேள். பட்டென்று பதில் சொன்னான் என்றால் அவனுடைய புரிதலில் குறை இல்லை, எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகும் வழியில்தான் தடை. காதால் கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளத்தில் வேலை செய்ய வேண்டும். 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனைக் கேட்டுப் புரியும் திறனால் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரியும் திறன். கூட்டல் இல்லை என்பதைக் கவனி. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். உன் பேரன் வாய் ஓயாமல் கதை சொல்கிற பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். அதனால் எனக்கு எழுத்தைச் சொல்லாக்கும் திறனில்தான் சந்தேகம்.

இப்போது அந்த ‘இம்’முக்கு வருகிறேன். மெய்யெழுத்தை நாம் எல்லோரும் ‘இக், இங், இச்’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். தனியாகச் சொல்வது கஷ்டம், முன்னால் ஓர் உயிர் இருந்தால் மெய் வாயில் எளிதாக நிற்கும். அட்டையைப் படிக்கிறவரைக்கும் அது சரி. சொல்லுக்குள்ளே வந்ததும் அந்த ‘இ’ வழியை மறிக்கிறது. ‘த, இம், பி’ என்பதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘தம்பி’ வராது. நடுவில் அங்கே இல்லாத ஓர் ஓசை உட்கார்ந்திருக்கிறது. சில பிள்ளைகள் தாங்களாகவே அதை உதறிவிடுவார்கள். மற்றவர்களுக்கு யாராவது காட்டித்தர வேண்டும்.

காட்டித்தருவது கஷ்டமில்லை. மூன்று துண்டு அட்டையில் த, ம், பி என்று எழுது. புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கிற எழுத்தின் தோளைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, ம் அட்டையைத் த அட்டையோடு ஒட்டினாற்போல் தள்ளு. அவனை ‘தம்ம்ம்’ என்று இழுக்கச் சொல். உதடு மூடியபடியே இருக்கட்டும், குரல் நிற்கக் கூடாது. அந்த நிலையிலேயே பி அட்டையை அருகில் கொண்டுவந்து, இப்போது உதட்டைத் திற என்று சொல். ‘தம்பி’ தானாக வரும், அதுவும் நாம் பேசுகிற அதே மெல்லிய ‘பி’யாக வரும். ‘இம்’ என்று சொல்லி நிறுத்திவிட்டு ‘பி’ என்று புதிதாகத் தொடங்கினால் ‘பிள்ளை’யில் இருக்கிற வன்மையான ‘பி’தான் வரும். வீட்டில் தினமும் கூப்பிடுகிற தம்பி, அவன் வாயிலிருந்தே வேற்று ஆள் மாதிரி ஒலிக்கிறான். பந்து, கொண்டு, வந்தான் எல்லாவற்றிலும் இதே கதைதான். மெய்யில் குரலை நிறுத்தாமல் அடுத்த எழுத்துக்குப் போனால் ‘து’வும் ‘டு’வும் தாமாகவே இளகிவிடும்.

நம் எழுத்தில் இது கவனிக்க வேண்டிய இடம். கல், பகல், தங்கம் மூன்றிலும் எழுதுவது ஒரே க, ஆனால் காதில் விழுவது மூன்று விதம். குழந்தைக்கு இதற்கு விதி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எழுத்துப்படி கிட்டத்தட்ட ஓர் ஓசையை உண்டாக்கி, ‘இது எனக்குத் தெரிந்த எந்தச் சொல்?’ என்று தேடி, ஓசையைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தால் போதும். அதனால் அவன் ஏதாவது சொல்லை வினோதமாகச் சொன்னால் உடனே திருத்தாதே. “அப்படி ஒரு சொல் கேட்டிருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறு.

எண்ணிக்கையையும் பார். அந்த வரியில் 14 எழுத்து. எழுத்தெழுத்தாகப் படித்தால் 14 துண்டுகளை மனதில் வைத்திருக்க வேண்டும். தொடர்பில்லாத துண்டுகள் அத்தனை மனதில் நிற்பது கஷ்டம். கடைசி ‘இன்’னுக்கு வரும்போது முதல் ‘த’ போயே போய்விட்டது, பாவம். மெய்யை முன்னெழுத்தோடு சேர்த்துவிட்டால் தம்-பி, பந்-தைக், கொண்-டு, வந்-தான் என்று எட்டே துண்டு. சொற்களாகவே தெரிந்துவிட்டால் நான்கு. அவனுக்குப் புரியாமல் போனதன் காரணம் இந்தப் பதினாலுக்கும் நான்குக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொன்று, ‘கொண்டு’வில் அவன் ‘கெ, ர’ என்றான். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் அவன் ஊகிக்கவில்லை, கண்ணில் பட்டதை நேர்மையாகப் படித்திருக்கிறான். ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் க. துணைக்காலும் ரகரமும் அச்சில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் அதன் ஓசை பின்னால்தான் வரும் என்பது வேறு. கெ, கே, கொ, கோ நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முன்னால் கொம்பைப் பார்த்தால் பின்னால் கால் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல். மெ, மொ என்று வேறு எழுத்துகளிலும் மாற்றி மாற்றிக் கொடு. ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான்.

ஊகிக்கிற பிள்ளைதான் எனக்குப் பயம். முதல் எழுத்து ‘த’, படத்தில் ஒரு பெண் குழந்தை, உடனே ‘தங்கை’ என்று சரளமாகச் சொல்லிவிடும். பெரியவர்கள் நன்றாகப் படிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். படத்தைக் கையால் மறைத்தால், அல்லது ‘மலுபி’, ‘தொகம்’ மாதிரி பொருளில்லாத சொல் எழுதிக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, சொல் கூடிவந்த பிறகு என்ன? இஸ்ரேல் ஆய்வாளர் டேவிட் ஷேர் 1995-இல் எழுதியது எனக்கு அனுபவத்தில் அப்படியே பலித்திருக்கிறது. ஒரு சொல்லைக் குழந்தை தானே முயன்று சரியாகக் கூட்டிப் படித்தால், அந்த எழுத்துவரிசை ஒவ்வொரு முறையும் நினைவில் கொஞ்சம் பதிகிறது. சில தடவைக்குப் பிறகு கூட்ட வேண்டியதில்லை, பார்த்ததும் சொல். நாம் முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்தால் அந்தப் பதிவு அவ்வளவு நன்றாக விழுவதில்லை. நான் சொன்ன மூன்று விநாடி அதற்காகத்தான்.

அப்புறம் நீளமான சொற்கள் வரும். ‘எழுதிக்கொண்டிருந்தாள்’ என்பது பதினோரு எழுத்து. வீட்டில் அவன் கேட்பதோ ‘எழுதிட்டிருந்தா’. அரும்பாடுபட்டுக் கூட்டிய பிறகும், பொருத்திப் பார்க்க அவன் காதில் அந்தச் சொல் இல்லை! அதற்கு எழுத்துப் பயிற்சி உதவாது. தினமும் படுக்கும் முன் எழுத்து நடையிலேயே நீ ஒரு கதை வாசி, பேச்சுக்கு மாற்றிச் சொல்லாதே. எழுதிக்கொண்டிருந்தாள், பேசிக்கொண்டிருந்தாள், ஓடிக்கொண்டிருந்தாள் என்று கேட்டுக் கேட்டுப் பழகினால், பிறகு தானே படிக்கும்போது அந்த வால் முழுவதும் ஒரே துண்டாகக் கண்ணில் படும். முன்னால் இருக்கிற எழுதியோ பேசியோ மட்டும்தான் பாக்கி.

சரளத்துக்கு ஒரே பத்தியை மூன்று நான்கு தடவை படிக்க வைப்பது நல்லது. கடிகாரம் வேண்டாம். எங்கே மூச்சு விடுகிறான் என்று கேள். ‘தம்பி பந்தைக்’ என்று நிறுத்தி ‘கொண்டு வந்தான்’ என்றால் இன்னும் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். ‘தம்பி’ என்று லேசாக நிறுத்தி மீதியை ஒன்றாகச் சொன்னால் பொருளைப் பிடித்துவிட்டான். தவறாகச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமல் அவனே திரும்பி வந்து திருத்தினால் எனக்கு அதுதான் பெரிய அடையாளம். அந்தத் திருத்தத்தைப் பிழையாக எண்ணாதே.

நாளுக்குக் கால் மணி நேரம் போதும். மூன்று நான்கு மாதம் தவறாமல் செய்தும் இரண்டெழுத்துச் சொல்லைக்கூடச் சேர்க்க முடியவில்லை, ‘படம்’ என்பதில் ‘ப’வை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று வாயால் கேட்டாலும் திணறுகிறான் என்றால், தள்ளிப்போடாமல் கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றித் தெரிந்த நிபுணரிடம் காட்டு. பதிவில் கேட்டவரை எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஒரு பதிவை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

மூன்று வாரம் கழித்து இதே வரியையும், இதுவரை பார்க்காத வேறொரு வரியையும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. படம் இருந்தால் மூடி வை. முதல் தடவை படித்ததையே அனுப்பு, திருத்திய பிறகு வேண்டாம்.

அன்புடன்,
மல்லிகா