ஞாயிறு இரவு: அவரவர் வீடியோவை அவரவரே பார்ப்பது

நண்பர்களே, இந்த வார வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். காட்சிகள் மட்டுமே விஷயத்தைச் சொல்கின்றனவா?

அடுத்து கண்ணை மூடிக்கொண்டு, இயர்போன் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். முட்டம் கடற்கரையில் நான் எடுத்ததில் காற்று மைக்கில் மோதிப் பேச்சையே விழுங்கியிருந்தது இப்படித்தான் தெரிந்தது. எடிட்டிங்கில் அதை முழுதாக நீக்க முடியவில்லை. மைக்குக்கு ரோம உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்றிருக்க வேண்டும்.

அப்புறம் யூடியூப் ஸ்டுடியோவில், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற வரைபடத்தில் கோடு சட்டென்று விழும் இடத்துக்குப் போங்கள். என் தோவாளைப் பூச்சந்தை வீடியோவில் 12ஆவது நொடியில் விழுந்தது. அதுவரை வெறும் அறிமுகப் பேச்சுதான், பூவே வரவில்லை.

ஒரே ஒரு குறையைக் குறித்து, அடுத்த வீடியோவில் அதை மட்டும் திருத்துங்கள்.