புதிய கணித ஆசிரியர்களுக்கு: ஆண்டுத் திட்டத்தில் பின்னம் ஏன் மூன்று முறை வருகிறது?

வணக்கம். நான்காம் வகுப்புத் திட்டத்தில் பின்னம் 6, 17, 28 ஆகிய வாரங்களில் இருப்பதைப் பார்த்து, அச்சுப்பிழையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. ஒரே பாடத்துக்கு இடைவெளி விட்டுத் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாகப் போகும் சுருள் முறையில் அப்படித்தான் அமைத்திருக்கிறோம்.

6ஆம் வாரம் காகிதத்தைச் சமமாக மடித்து அரை, கால், மூன்றில் ஒன்று. அதோடு நிறுத்திவிடுங்கள். 17இல் அதே பின்னங்களை எண்கோட்டில் குறிக்கிறோம். 28இல்தான் 1/2-உம் 2/4-உம் ஒரே புள்ளியில் விழுவதைக் காட்டி, சமான பின்னத்துக்குப் போகிறோம்.

திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிடம் பாடம் வேண்டாம். "1/3 பெரிதா, 1/4 பெரிதா? படம் வரைந்து காட்டு" என்று கேளுங்கள். நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால் 1/4 என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். முழு எண் பழக்கம் அது. அவர்கள் வரைந்த இரண்டு பட்டைகளும் ஒரே நீளமா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் கொடுத்து மடிக்கச் சொன்னால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

பொதுவாக நடக்கும் தவறு, 6ஆம் வாரத்திலேயே எல்லாரும் தேற வேண்டும் என்று மூன்று வாரம் இழுப்பது. பிறகு வகுத்தலுக்கு நாள் போதாது. ஆனால் சமமாகப் பிரிக்கவே தெரியாத பிள்ளையை அடுத்த சுற்றுவரை விட்டுவைக்காதீர்கள், அந்த வாரமே சிறு குழுவில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுங்கள்.